கூட்டலா, மாத்தலா? சோயா, டோஃபு, முளைப்பயறு, அப்புறம் நம்ம எல்டிஎல்

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்துது: "எல்டிஎல் 140-க்கு மேல இருக்கு. டாக்டர் மூணு மாசம் சாப்பாட்டை மாத்திப் பாருங்கன்னு சொல்லிட்டார். சோயா சாப்பிட்டா குறையுமா?" இன்னிக்கு அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கலாம்.

நேரடியான பதில்: குறையும். ஆனா சோயாவைச் சேர்க்கிறதால மட்டும் பெரிசா குறையாது. தட்டுல இருந்து எதை எடுத்துட்டு அந்த இடத்துல சோயாவை வைக்கிறீங்க என்பதுதான் விஷயம். நம்ம பாஷையில சொன்னா, வேண்டியது கூட்டல் இல்ல, மாத்தல்.

இதைப் புரிஞ்சுக்க சோயாவோட பழைய கதையைக் கொஞ்சம் பார்க்கணும். 1995-ல அமெரிக்காவில ஆண்டர்சன் என்கிற மருத்துவரோட குழு 38 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. சோயா புரோட்டீன் சாப்பிட்டவங்களுக்கு எல்டிஎல் சராசரியா 13 சதவீதம் வரைக்கும் குறைஞ்சிருந்தது. உலகமே சோயா பக்கம் திரும்பிடுச்சு. 1999-ல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஒரு நாளைக்கு 25 கிராம் சோயா புரோட்டீன் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம்னு பாக்கெட் மேல போட்டுக்க அனுமதி கொடுத்தது. அதுக்கப்புறம் வந்த ஆய்வுகள்ல அந்த எண் இறங்கிக்கிட்டே வந்தது. 2017-ல அதே நிர்வாகம் அந்த அனுமதியைத் திரும்ப எடுக்கலாமான்னு யோசிக்கிற நிலைமை. 2019-ல 46 ஆய்வுகளை மறுபடியும் கூட்டிப் பார்த்தப்போ கிடைச்ச குறைவு, சுமாரா 3 முதல் 4 சதவீதம்.

13 எப்படி 3 ஆச்சு? முதல் கட்டுரையில இருந்த பலருக்கு ஆரம்பத்திலேயே கொலஸ்ட்ரால் ரொம்ப அதிகம். உயரத்துல இருக்கிறவங்களுக்குத்தான் இறக்கமும் பெரிசா தெரியும். அளவும் பெரிசு, சராசரியா ஒரு நாளைக்கு 47 கிராம் சோயா புரோட்டீன். அவ்வளவு சோயா தட்டுக்குள்ள வந்தா, கறியும் பாலாடையும் தானா வெளிய போயிடும்.

இங்கதான் உள்ளே நடக்கிறதைக் கவனிக்கணும். ரத்தத்துல சுத்துற எல்டிஎல்லைப் பிடிச்சு உள்ளே இழுக்கிறது கல்லீரல். அதுக்குன்னு கல்லீரல் செல்கள் மேல சின்னச் சின்ன கொக்கிகள் மாதிரி ஏற்பிகள் இருக்கு. பனீர், வெண்ணெய், கொழுப்புள்ள ஆட்டுக்கறி இதுல எல்லாம் இருக்கிற நிறை கொழுப்பு, அதாவது சாச்சுரேட்டட் ஃபேட், அதிகமானா இந்தக் கொக்கிகளோட வேலை குறையுது. எல்டிஎல் ரத்தத்திலேயே தங்கிடுது. நிறை கொழுப்பைக் குறைச்சா கொக்கிகள் திரும்ப வேலைக்கு வருது. பயறுல இருக்கிற நார்ச்சத்து வேற வழியில உதவுது. குடல்ல பித்த அமிலங்களைப் பிடிச்சு வெளியே அனுப்பிடும். புதுசா பித்தம் தயாரிக்க கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் தேவை, அதை ரத்தத்துல இருந்து எடுத்துக்கும்.

"நான் மட்டனை விட்டுட்டு சிக்கனுக்கு மாறிட்டேனே, போதாதா?" இதுக்கும் ஒரு நல்ல ஆய்வு இருக்கு. கலிஃபோர்னியாவில நூறு பேருக்கு மேல எடுத்து, ஒவ்வொருத்தருக்கும் நாலு வாரம் சிவப்பு இறைச்சி, நாலு வாரம் கோழி, நாலு வாரம் இறைச்சி இல்லாத புரோட்டீன்னு மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. 2019-ல முடிவு வந்தது. நிறை கொழுப்பு அளவை ஒரே மாதிரி வெச்சுப் பார்த்தப்போ, சிவப்பு இறைச்சிக்கும் கோழிக்கும் எல்டிஎல்ல பெரிய வித்தியாசம் இல்ல. ரெண்டையும் விட பயறு, பருப்பு மாதிரி புரோட்டீன் சாப்பிட்டப்போதான் எல்டிஎல் குறைவா இருந்தது.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 29 வயசு, சென்னையில ஐடி வேலை, பிஜியில தங்கி இருக்கிற ஒருத்தர்னு வெச்சுக்கோங்க. அவரோட ரிப்போர்ட்ல மொத்தக் கொலஸ்ட்ரால் 220, எச்டிஎல் 42, ட்ரைகிளிசரைடு 180. நிறைய லேப்ல எல்டிஎல்லை நேரா அளக்கிறது இல்ல, இந்தச் சூத்திரத்துல கணக்குப் போடுறாங்க:

```
LDL = TC - HDL - (TG / 5)
142 = 220 - 42 - (180 / 5)
```

இவர் வாரத்துல நாலு ராத்திரி பனீர் சாப்பிடுறார், ஒவ்வொரு தடவையும் சுமார் 100 கிராம். ரெண்டு தடவை மட்டன். அஞ்சு நாள் சாயங்காலம் ரெண்டு ஸ்லைஸ் சீஸ் வெச்ச சாண்ட்விச். 100 கிராம் பனீர்ல நிறை கொழுப்பு சுமார் 14 கிராம். மட்டன் ஒரு தடவைக்கு 10 கிராம்னு வெச்சுக்கலாம். சீஸ் ஸ்லைஸ் ஒண்ணுல சுமார் 3 கிராம்.

இப்போ மூணே மாத்தம். நாலு பனீரும் டோஃபு ஆகுது. 100 கிராம் பனீர்ல இருக்கிற புரோட்டீன் வேணும்னா 150 கிராம் டோஃபு எடுக்கணும். அதுல நிறை கொழுப்பு ஒன்றரை கிராம் பக்கம்தான். வாரத்துக்கு 50 கிராம் மிச்சம். ரெண்டு மட்டன்ல ஒண்ணு மீல்மேக்கர் ஆகுது, இன்னொரு 10 கிராம் மிச்சம். மீல்மேக்கர் கொழுப்பு எடுத்த சோயா மாவுல செய்யறது, அதனால அதுல நிறை கொழுப்பு இல்லைன்னே சொல்லலாம். சீஸ் சாண்ட்விச் இடத்துல முளைப்பயறு சுண்டல், அதுல 30 கிராம் மிச்சம். ஆக மொத்தம் வாரத்துக்கு 90 கிராம், ஒரு நாளைக்கு சுமார் 13 கிராம்.

2000 கலோரி சாப்பிடுறவருக்கு, தினம் 2 கிராம் சொச்சம் நிறை கொழுப்பு குறைஞ்சா எல்டிஎல் ஒன்றரை முதல் ரெண்டு பாயிண்ட் இறங்கும்னு தோராயமா எடுத்துக்கலாம். அப்படிப் பார்த்தா இவருக்கு 9-ல இருந்து 12 பாயிண்ட். சோயாவும் பயறும் தனியா செய்யற வேலைக்கு இன்னும் கொஞ்சம். ரெண்டையும் அப்படியே கூட்டக்கூடாது, ஏன்னா ஒண்ணுல ஒண்ணு கொஞ்சம் அடங்கி இருக்கு. 142 இருந்தவர் 125-க்கும் 130-க்கும் நடுவுல வருவார்னு எதிர்பார்க்கலாம். இது மாத்திரை கொடுக்கிற அளவு இறக்கம் கிடையாது. ஆனா மட்டனை முழுசா விடாம, புரோட்டீனும் குறையாம கிடைக்கிற பத்து சதவீதம்.

அடுத்தது சமையலறை. டோஃபு வாங்கும்போது பாக்கெட் பின்னாடி 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரோட்டீன்னு பாருங்க. கெட்டியான டோஃபுல 12-ல இருந்து 15 கிராம் இருக்கும், வழவழன்னு இருக்கிற வகையில பாதிதான். துணியில சுத்தி மேல ஒரு கனமான பாத்திரத்தை பதினஞ்சு நிமிஷம் வெச்சா தண்ணி வடிஞ்சிடும், அப்புறம்தான் மசாலா பிடிக்கும். "டோஃபுல ருசியே இல்ல"ன்னு சொல்றவங்க பெரும்பாலும் இந்தத் தண்ணியை வடிக்காதவங்கதான்.

மீல்மேக்கர் 50 கிராம் எடுத்தா அதுலயே சுமார் 25 கிராம் புரோட்டீன் இருக்கு. உப்புத் தண்ணியில கொதிக்கவிட்டு, பிழிஞ்சு, பச்சைத் தண்ணியில ரெண்டு தடவை அலசிப் பிழிஞ்சா அந்தப் பச்சை வாசனை போயிடும். அப்புறம் மட்டன் மசாலாவிலேயே சமைக்கலாம்.

முளைப்பயறு விஷயத்துல ஒரு நம்பிக்கை சுத்திக்கிட்டு இருக்கு: முளை கட்டினா புரோட்டீன் ரெட்டிப்பாகும்னு. ஆகாது. 30 கிராம் பச்சைப்பயறுல 7 கிராம் புரோட்டீன்னா, முளை வந்த பிறகும் அதே 7 கிராம்தான். தண்ணி குடிச்சு எடைதான் ரெண்டு மடங்குக்கு மேல ஏறுது. முளை கட்டுறதோட லாபம் வேற. வயித்துல வாயுவைக் கிளப்புற சர்க்கரைகள் குறையும், இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பு எடுத்துக்க விடாம தடுக்கிற ஃபைட்டேட்டும் குறையும். அதனால தினமும் தொந்தரவு இல்லாம சாப்பிட முடியுது. பயறு எல்டிஎல்லைக் குறைக்கிறதைக் காட்டின ஆய்வுகள்லயும் அளவு தினமும் ஒரு கிண்ணம்தான், வெந்த பயறு சுமார் 130 கிராம். வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட்டா கணக்குல வராது.

எட்டு மணி நேரம் ஊறவெச்சு, ஈரத்துணியில கட்டித் தொங்கவிட்டா நம்ம ஊர் வெயிலுக்குப் பன்னண்டு மணி நேரத்துல சின்ன முளை வந்துடும். அது போதும். நடுவுல ஒரு தடவை அலசுங்க. பிசுபிசுன்னோ புளிச்ச வாடையோ வந்தா யோசிக்காம கொட்டிடுங்க. முளை வர்ற அதே சூடும் ஈரமும் கிருமிக்கும் பிடிக்கும். 2011-ல ஜெர்மனியில பச்சையா சாப்பிட்ட வெந்தய முளையால பெரிய ஈ.கோலை தொற்றே பரவுச்சு. அதனால இட்லிப் பானையில நல்லா ஆவியில வேகவெச்சுச் சாப்பிடுங்க.

எங்க சொதப்பும்? முதல்ல, கூட்டல். ஜிம்முல சோயா ஷேக் குடிச்சிட்டு ராத்திரி அதே பட்டர் சிக்கன் சாப்பிட்டா எதுவும் மாறலை. ரெண்டாவது, டோஃபுவை கிரீமும் வெண்ணெயும் ஊத்தி பட்டர் மசாலா பண்றது. வெளிய அனுப்பின கொழுப்பு கொல்லைப்புறமா வந்துடும். தேங்காய் எண்ணெய்ல பொரிச்சாலும் அதே கதைதான், அதுல முக்கால்வாசிக்கு மேல நிறை கொழுப்பு.

ஆண்கள் கேட்கிற கேள்வியும் இருக்கு: டெஸ்டோஸ்டிரோன் குறையுமா? ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல சாதாரண அளவு சோயா அதைக் குறைச்சதா தெரியலை. ஆனா தைராய்டு மாத்திரை எடுக்கிறவங்க கவனிக்கணும். சோயா அந்த மாத்திரை உடம்புல சேர்றதைக் குறைக்கலாம், எத்தனை மணி நேரம் இடைவெளி விடணும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. தைராய்டு குறைவா சுரந்தாலே எல்டிஎல் ஏறும், அதையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

கடைசியா, குறைஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ரெண்டு வாரத்துல டெஸ்ட் எடுக்காதீங்க. ஆறுலேர்ந்து எட்டு வாரம் விட்டு, அதே லேப்ல, முதல் தடவை மாதிரியே வெறும் வயித்துல எடுங்க. நீங்க எதுவுமே மாத்தலைன்னாலும் எல்டிஎல் நாளுக்கு நாள் பத்து பாயிண்ட் ஏறி இறங்கும். அதனால 142-ல இருந்து 137 வந்தா கொண்டாடவும் வேணாம், 145 வந்தா துவளவும் வேணாம். கொஞ்சம் இடைவெளியில ரெண்டு டெஸ்ட் எடுத்து, ரெண்டுலயும் 130 பக்கம் வந்தா அது உங்க தட்டு செஞ்ச வேலை. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினா அந்தச் சூத்திரமே பொருந்தாது, நேரா அளக்கிற டெஸ்ட் கேளுங்க.

190, அதுக்கு மேலன்னா டோஃபுவை நம்பிக் காத்திருக்காதீங்க. பரம்பரையா வர்ற கொலஸ்ட்ரால் பிரச்சினையா இருக்கலாம், அதுக்கு மருந்து வேணும். ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுக்கிறவங்க சாப்பாடு மாறிடுச்சேன்னு அதை நிறுத்தவும் கூடாது. அந்த 140-லேர்ந்து 160 வரைக்கும் இருக்கிறவங்களுக்கு டாக்டர் கொடுத்த மூணு மாசம் இருக்கே, அதுலதான் இந்த மூணு மாத்தத்துக்கு வேலை. இந்த வாரம் நீங்க சாப்பிட்ட பனீரையும் சீஸையும் மட்டும் ஒரு தாள்ல எழுதிப் பாருங்க, உங்க கணக்கு அங்கேர்ந்தே ஆரம்பிச்சுடும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம், வர்றேன்.