டிவி பக்கத்துல ஒரு பேப்பர்

வேலைக்காக வெளியூர் வந்துட்டவங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுலேர்ந்து ஒரு வீடியோ கால் வரும். "செட்டாப் பாக்ஸ் ரிமோட் வேலை செய்யலைப்பா, பேட்டரி கூட மாத்திட்டேன்!" பாதி நேரம் ரிமோட் நல்லாத்தான் இருக்கும். இன்னைக்கு இதை ஒரே ஒரு பேப்பர்ல எப்படித் தீர்க்கிறதுன்னு பார்ப்போம்.

முதல்ல காரணம். ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கோங்க. HDMI 1-ல செட்டாப் பாக்ஸ், HDMI 2-ல ஸ்ட்ரீமிங் ஸ்டிக். தம்பி ஸ்டிக் ரிமோட்ல ஹோம் பட்டனை அழுத்தினதும் டிவி தானாவே HDMI 2-க்கு மாறிடும். இந்த வசதிக்குப் பேர் சிஇசி. டிவி செட்டிங்ஸ்ல சாம்சங்னா Anynet+, எல்ஜின்னா SIMPLINK-னு இருக்கும். ஆனா பல செட்டாப் பாக்ஸ்கள் இப்படி டிவியைத் தன் பக்கம் இழுக்காது. போறது தானா நடக்கும், திரும்பி வர்றது நடக்காது. அம்மா சேனல் மாத்த மாத்த, பாக்ஸும் உள்ளுக்குள்ள மாறிக்கிட்டேதான் இருக்கும். திரையில தெரியிறது மட்டும் ஸ்டிக்கோட படம்.

அதனால பேப்பர்ல சாதனத்தோட பேரை வச்சு ஆரம்பிக்காதீங்க. என்ன பார்க்கணுமோ அதை வச்சு எழுதுங்க. ரிமோட் பின்னாடி கலர் ஸ்டிக்கர் ஒட்டிட்டு, இப்படி:

சீரியல், நியூஸ்: சிவப்பு ரிமோட்ல (டிவி) ஆன் பண்ணு. அதுலயே Source அழுத்தி HDMI 1 எடு. அப்புறம் பச்சை ரிமோட்ல (பாக்ஸ்) சேனல் மாத்து.

படம், யூடியூப்: நீல ரிமோட்ல (ஸ்டிக்) ஹோம் அழுத்து. ஆப் எல்லாம் இதுலதான்.

சத்தம்: எப்பவும் சிவப்பு ரிமோட்.

யூடியூப் டிவிக்குள்ளயும் இருக்கும், ஸ்டிக்லயும் இருக்கும். பேப்பர்ல ஒண்ணை மட்டும் எழுதுங்க. ரெண்டையும் எழுதினா எதுல லாகின் பண்ணோம்னு தேட வேண்டி வரும்.

கீழே ஒரு வரி, No Signal வந்தா என்ன பண்ணணும்னு. முதல்ல HDMI 1-ஆன்னு பார்க்கணும். சரியா இருந்தா, பாக்ஸ் முன்னாடி இருக்கிற லைட்டைப் பார்க்கணும். ஆன்ல இருக்கும்போது அது என்ன கலர்னு நீங்களே பார்த்து எழுதி வைங்க. ஏன்னா பவர் பட்டன் ஒண்ணுதான். ஏற்கெனவே ஆன்ல இருக்கிற பாக்ஸ்ல அதை அழுத்தினா ஆஃப் ஆயிடும். திரையில HDMI 1-னு வர்ற இடத்துக்குப் பல டிவியில வேற பேர் வைக்கலாம். "கேபிள்"னு மாத்தினா பேப்பர்லயும் அதையே எழுதுங்க.

ஒட்டினதோட விட்டுடாதீங்க. ஸ்டிக்ல ஒரு பாட்டை ஓடவிட்டுட்டு, மூணு ரிமோட்டையும் அம்மா கையில குடுத்து, "சீரியல் போடுங்கம்மா"ன்னு சொல்லிட்டு வாயைத் திறக்காம உட்காருங்க. அவங்க எந்த இடத்துல நின்னு உங்களைத் திரும்பிப் பார்க்குறாங்களோ, அந்த வரியை மாத்தி எழுதணும்.