சுற்றுநிருபம் யாருக்கு?

(கரவெட்டியில் தொழிலாளர் சட்டம் பற்றி நிகழ்த்திய உரை)



சட்டம் படித்தவன் மேடையேறினால் உரிமை, நீதி என்று முழங்குவான் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் பேச வந்ததோ ஒரே ஒரு தாளைப் பற்றி. தொழிற்சாலைச் சுவரிலே ஒட்டப்படும் தாள். தொழிலாளருக்கென்று எழுதப்பட்டுத் தொழிலாளரே வாசியாது கடந்து செல்லும் தாள். சுற்றுநிருபம் என்று அதனை அழைக்கின்றோம். அந்தப் பெயரையே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம்மவர் எத்தனை பேர் நாள்தோறும் பேசும் சொல் அது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என்னிடம் வந்தார். ஒரு தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவர். தாயாரைப் பார்ப்பதற்காகத் தாமாகவே வேலையை விட்டு ஊருக்கு வந்திருந்தார். காணி அலுவலாக வந்தவரிடம், பேச்சோடு பேச்சாக, "பணிக்கொடை எடுத்துவிட்டீரா?" என்று கேட்டேன். "அது நிப்பாட்டின ஆக்களுக்கெல்லோ ஐயா? நான் நானாத்தான் விட்டனான்" என்றார். அவர் எழுத்தறிவற்றவர் அல்லர். பத்தாம் வகுப்புவரை படித்தவர். சுவரிலே இருந்த அறிவித்தலை வாசித்திருக்கின்றார். அது ஏறத்தாழ இவ்வாறு இருந்தது:

"ஐந்து பூர்த்தியான ஆண்டுகளுக்குக் குறையாத சேவைக்காலத்தையுடைய வேலையாள் ஒருவரின் சேவை முடிவுறுத்தப்படுமிடத்து, சட்டத்தின் ஏற்பாடுகளுக்கமைய அவருக்குப் பணிக்கொடை செலுத்தப்படுதல் வேண்டும்."

இதில் இலக்கணப் பிழை இல்லை. சட்டப் பிழையும் இல்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் சொல்வதைத்தான் இது சொல்கின்றது. அந்தச் சட்டத்திலே சேவை முடிவு என்பது முதலாளி நிறுத்துவதை மட்டும் குறிப்பதன்று. தொழிலாளி தாமாக விலகுவதும், ஓய்வு பெறுவதும், இறப்பதும் அதனுள் அடங்கும். சட்டத்தரணிக்கு இது தெரியும். ஆனால் சாதாரண மனிதருக்கு "முடிவுறுத்தப்படுமிடத்து" என்றால் என்ன பொருள்? யாரோ ஒருவர் அவரை நிறுத்திவிட்டார் என்பதுதானே? அவர் தமிழைச் சரியாகவே வாசித்தார். சரியாக வாசித்ததனாலேயே தமது காசை இழக்கப் பார்த்தார். ஒன்பது ஆண்டுக்குரிய பணம் ஒரு வினையெச்சத்திலே அகப்பட்டுக் கிடந்தது.

இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். "பணிக்கொடை." கொடை என்றால் கர்ணன் கொடுத்தது, கொடுப்பவன் மனம் வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஆகவேதான் "முதலாளி நல்ல மனுசன், பாத்துத் தருவார்" என்று சொல்லிக்கொண்டு எத்தனையோ பேர் காத்திருக்கின்றனர். சட்டமோ, வேலை முடிந்து 30 நாள்களுக்குள் கொடுத்தேயாக வேண்டும் என்கின்றது. தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேரும். இது கடன். கொடை அன்று.

"செலுத்தப்படுதல் வேண்டும்" என்கின்றது அறிவித்தல். செலுத்துபவர் யார்? அரசாங்கமா, வங்கியா, முதலாளியா? வாக்கியத்தில் ஆளே இல்லை. "படுதல்" என்ற துணைவினையின் பின்னால் முதலாளி ஒளிந்துகொண்டு விடுகின்றார்! நமது அலுவலகத் தமிழிலே இந்த ஒளிப்பிடம் மிகப் பெரிது. கமநல அலுவலகத்திலிருந்து உரமானியம் பற்றிய கடிதம் வந்தால் எங்கள் கமக்காரர்களும் இதே இடத்திலேதான் தடுமாறுகின்றனர்.

இந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஓடிய நிருவாகத்தைத் தமிழுக்குக் கொண்டுவர அரச கரும மொழித் திணைக்களம் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டது. அந்த உழைப்பை நான் குறைகூறேன். சட்டத்துக்கும் தீர்ப்புக்கும் அத்தகைய சொற்கள் வேண்டும். ஆனால் சட்டத்துக்கென ஆக்கிய சட்டையை அப்படியே சுற்றுநிருபத்துக்கும் மாட்டிவிட்டோம். சட்டம் நீதிபதியிடம் பேசுகின்றது. சுற்றுநிருபம் இயந்திரத்தருகே நிற்பவரிடம் பேச வேண்டியது.

அப்படியாயின் எவ்வாறு எழுதுவது? அதே செய்தியை எழுதிக் கொண்டுவந்திருக்கின்றேன். வாசிக்கின்றேன்:

"நீங்கள் வேலையை விட்டுப் போகும்போது முதலாளி உங்களுக்குத் தரவேண்டிய காசு ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் பணிக்கொடை. கிறாற்றுவிற்றி என்று சொல்வதும் இதைத்தான். இது ஈ.பி.எவ். காசு இல்லை. ஈ.பி.எவ். எடுத்திருந்தாலும் இது தனியாக வரவேண்டும்.

15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 5 வருஷம் முழுதாக வேலை செய்தவருக்கு இது வரும். 4 வருஷமும் 11 மாதமும் என்றால் இந்தச் சட்டப்படி வராது.

நீங்களாக விலகினாலும் வரும். முதலாளி நிறுத்தினாலும் வரும். வயது வந்து ஓய்வு எடுத்தாலும் வரும். வேலையில் இருக்கும்போது இறந்துபோனால் உரித்துக்காரருக்கு வரும்.

எவ்வளவு வரும்? கடைசியாக எடுத்த மாதச் சம்பளத்தில் பாதியை, வேலை செய்த முழு வருஷங்களால் பெருக்குங்கள். சம்பளம் 50,000 ரூபா, வேலை 7 வருஷமும் 10 மாதமும் என்றால், 25,000 தர 7. அது 175,000 ரூபா. அந்த 10 மாதம் கணக்கில் வராது. ஓவர்டைம் காசும் கணக்கில் வராது. நாட்சம்பளக்காரருக்கு, ஒரு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம்.

முதலாளி 30 நாளுக்குள் தரவேண்டும். தராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போய் 'பணிக்கொடை தரவில்லை' என்று சொல்லுங்கள்."

இவ்வளவுதான். இதில் பண்டிதர் கோபிக்கும் சொல் ஏதாவது உண்டா? "வருஷம்" ஒன்று இருக்கின்றது. அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

இங்கே சிலர் நினைக்கலாம்: பேச்சுத் தமிழ் என்றால் நாம் பேசுவதை அப்படியே எழுதிவிட வேண்டியதுதானே என்று. அன்பர்களே, அது வேறு குழியிலே விழுவதாகும். "வேலை செய்தனீங்கள்" என்று எழுதுவதா, "செய்திருக்கிறியள்" என்று எழுதுவதா? வடமராட்சியார் ஒருவிதம், மட்டக்களப்பார் வேறுவிதம், மலையகத்தார் இன்னொரு விதம். பேச்சைக் காது பழகியிருக்கின்றது, கண் பழகவில்லை. பள்ளிக்கூடத்திலே எல்லோரும் எழுத்துக்கூட்டக் கற்றது நூல்தமிழைத்தான். பேச்சை அப்படியே அச்சிட்டால் தொழிலாளி ஒவ்வொரு சொல்லிலும் நின்று, வாய்க்குள் சொல்லிப் பார்த்தே மேலே செல்ல வேண்டியிருக்கும். கதைக்குள் வரும் உரையாடலுக்கு அது அழகு. பணக் கணக்குக்கு அது தடை.

மானப் பிரச்சினையும் ஒன்றுண்டு. 1960களின் தொடக்கத்தில் இந்த யாழ்ப்பாணத்திலே மரபு பற்றிப் பெரும் வாதம் நடந்ததைப் பெரியவர்கள் அறிவீர்கள். பேச்சு வழக்கைக் கதைகளில் எழுதிய முற்போக்கு எழுத்தாளர்மீது "இழிசனர் வழக்கு" என்ற வசைகூட வீசப்பட்டது. அந்த வடு முற்றாக ஆறிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். முதலாளிக்குப் போகும் கடிதம் செந்தமிழில், தொழிலாளிக்கு வரும் தாள் மட்டும் கொச்சையில் என்றால், "எங்களுக்குத் தமிழ் தெரியாதெண்டு நினைச்சினமோ?" என்று அவர் கேட்பார். கேட்பது நியாயமே. ஆகவே எழுத்துக்கூட்டு பள்ளிக்கூடத்துடையதாக இருக்கட்டும். சொல்லும் வாக்கிய அமைப்பும் வாயிலிருந்து வரட்டும். சின்ன வாக்கியம், செய்பவர் யாரென்று தெரியும் வாக்கியம், "நீங்கள்" என்று மரியாதையோடு அழைக்கும் வாக்கியம்.

"பணிக்கொடை" என்ற சொல் அவ்வளவு கெடுதி செய்கின்றதென்றால் அதை எடுத்தெறியாமல் ஏன் வைத்திருக்கின்றீர் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. தொழில் திணைக்களத்தில் விண்ணப்பத் தாளிலே அந்தச் சொல்தான் இருக்கும். அதை அறியாமல் போனவர், "விலகின காசு" என்று கேட்டால், ஈ.பி.எவ். கருமபீடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். படிவத்திலும் அதிகாரியின் வாயிலும் வரும் ஒரு சொல்லைத் தொழிலாளியின் கையிலே கொடுத்தே அனுப்ப வேண்டும். மற்றக் கடுஞ்சொற்களெல்லாம் போகலாம்.

இனி, எளிமையின் பெயரால் பொய் சொல்லும் அபாயம். "5 வருஷம் வேலை செய்த எல்லோருக்கும் வரும்" என்று எழுதினால் வாசிக்க இன்னும் இலகு. ஆனால் உண்மையன்று. நெல்லியடிச் சந்தியிலுள்ள கடைகளில் எத்தனை கடைகளில் 15 பேர் வேலை செய்கின்றனர்? பெரும்பாலானவற்றில் நான்கைந்து பேர்தாம். அவர்கள் இந்தச் சட்டப்படி நேரே உரிமை கோர முடியாது. தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கும் வேறு வழி அவர்களுக்கு உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால் வேலையை விட்ட உடனேயே விசாரிக்க வேண்டும். அதுபோலவே, முதலாளியின் பணத்தைக் கையாடியதற்காகவோ பொருளை வேண்டுமென்றே சேதப்படுத்தியதற்காகவோ நிறுத்தப்பட்டவருக்கு, அந்த நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடை வெட்டுப்படும். நட்டத்தின் அளவுக்குத்தான், முழுவதும் அன்று. சற்றுமுன் வாசித்த தாளில் இவ்விரண்டும் இல்லை என்பதைச் சட்டம் படித்த நண்பர்கள் கவனித்திருப்பீர்கள். தாளின் மறுபக்கத்தில் அவை தனித்தனியே வருகின்றன. முதல் வாக்கியத்திலேயே எல்லா விதிவிலக்குகளையும் அடுக்கப் புறப்பட்டால் மீண்டும் பழைய சுவரறிவித்தலுக்கே போய்ச் சேருவோம். பொதுவிதி முன்னே, விலக்கு பின்னே, ஆனால் விலக்கு அதே தாளிலே; வேறு தாளில் அன்று.

எழுதிய தாள் விளங்குகின்றதா என்று அறிவது எப்படி? "விளங்கினதோ?" என்று கேட்பதில் பயனில்லை. நம்மூரில் அந்தக் கேள்விக்கு "ஓம்" என்ற ஒரு விடைதான் உண்டு. தாளை வாசிக்கக் கொடுத்துவிட்டு ஒரு கணக்கைக் கேளுங்கள்: "ஒரு பிள்ளை ஆறு வருஷமும் எட்டு மாதமும் வேலை செய்து, கலியாணம் முடித்துத் தானாக விலகினாள். கடைசிச் சம்பளம் 40,000. அவளுக்கு ஏதும் வருமோ? எவ்வளவு?" 120,000 என்று விடை வந்தால் தாள் சரி. "விலகினபடியால் வராது" என்றால் சேவை முடிவு பற்றிய பகுதியைத் திருத்த வேண்டும். 140,000 என்றால் முழு வருஷம் என்பது விளங்கவில்லை. "ஈ.பி.எவ். எடுத்திட்டாளோ?" என்று திருப்பிக் கேட்டால் முதற் பந்தியைத் திருத்த வேண்டும். பிழை வாசித்தவருடையதன்று, தாளுடையது. இப்படி ஐந்தாறு பேரிடம் கேட்டாலே எந்த வரி தடுக்கின்றது என்று தெரிந்துவிடும். அதற்கு ஆசிரியர்கள் தேவையில்லை. தைக்கும் பிள்ளைகளும் மூட்டை தூக்குபவர்களும் வேண்டும். படித்தவரிடம் காட்டினால் அவர் ஒற்றெழுத்தைத் திருத்தித் தருவார். அதுவும் வேண்டியதுதான், ஆனால் கடைசியில்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். தாளை எங்கே வைப்பது என்பது. முகாமையாளரின் அறைக்கு வெளியே உள்ள பலகையில் ஒட்டினால் எவரும் அங்கே நின்று வாசிக்கமாட்டார்கள். பணிக்கொடையைப் பற்றி வாசிப்பவன் வேலையை விடப்போகின்றான் என்று மேற்பார்வையாளர் எண்ணிவிடுவார் என்ற பயம் அவர்களுக்கு. சம்பளச் சிட்டையோடு சேர்த்து ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கு வெளிச்சத்தில், பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்கட்டும். நான் வாசித்த தாளின் பிரதிகள் வாயிலிலே மேசைமேல் இருக்கின்றன. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துச் சென்று, உங்கள் வீட்டிலோ அயலிலோ தொழிற்சாலைக்குப் போகும் ஒருவரிடம் அந்தக் கணக்கைக் கேளுங்கள். பிழையான விடை வந்தால் அதைத் தாளின் ஓரத்தில் அப்படியே எழுதி எனக்கு அனுப்பி வையுங்கள்.