நாலு முகச் சீட்டும் ஒரு வயிற்றுவலியும்

(பழைய மாணவியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எல்.கே.ஜி. ஆசிரியைக்கு மைக் கிடைப்பது அபூர்வம். அதனால் வேறெதையும் பேசாமல், தினமும் காலையில் என் வகுப்பில் நடக்கும் பத்து நிமிட வேலையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகளைப் பாயில் வட்டமாக உட்கார வைப்போம். இதற்கு சர்க்கிள் டைம் என்று பெயர். நடுவில் முகங்கள் வரைந்த சீட்டுகள் இருக்கும். "இன்னைக்கு உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்போம். பிள்ளை தன் மனநிலைக்கு ஏற்ற முகத்தை எடுத்துக் காட்ட வேண்டும். இப்போது பல பள்ளிகளில் இது நடக்கிறது. பெரும்பாலும் என்ன ஆகிறது தெரியுமா? முதல் பிள்ளை "ஹேப்பி மிஸ்" என்கும். அடுத்ததும் "ஹேப்பி மிஸ்". இருபத்துநாலு பிள்ளையும் ஹேப்பி! அதில் இரண்டு பேர் கண்ணில் தண்ணீர் இன்னும் காயவில்லை.

பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. நாலு வயதில் "எப்படி இருக்கு" என்ற கேள்வி பிடி இல்லாத பாத்திரம் மாதிரி, எங்கே தொட்டுத் தூக்குவது என்று தெரியாது. பக்கத்துப் பிள்ளை சொன்னதைச் சொன்னால் மிஸ் சிரிக்கிறார், அது போதும். இது நகல்தானா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. மறுநாள் வட்டத்தை வேறொரு பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள். முதலில் சொன்னவர் பதிலையே வட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனால், அங்கே யாரும் தன் மனதைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கடையில் விற்கும் சார்ட்டில் பன்னிரண்டு முகம் இருக்கும். இந்த வயதுக்கு அது அதிகம். ஷெர்ரி வைடன், ஜேம்ஸ் ரஸ்ஸல் என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சந்தோஷம் என்ற பெயர் முதலில் வருகிறது. பிறகு கோபமும் அழுகையும், அதற்கும் பிறகுதான் பயம், ஆச்சரியம் எல்லாம். அருவருப்பு முகத்தைக் காட்டினால் பல பிள்ளைகள் அதையும் கோபம் என்றே சொல்லும். ஆகவே நான் வைத்திருப்பது நாலே சீட்டு: சந்தோஷம், அழுகை, கோபம், பயம். நாலுக்கும் ஒரே நிறம். சந்தோஷத்துக்கு மட்டும் பளிச்சென்று மஞ்சள் அடித்துவிட்டால் நிறத்துக்காகவே அதை எடுத்துவிடும்.

அடுத்தது வார்த்தை. "நான் சோகமாக இருக்கிறேன்" என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஆங்கிலச் சீட்டை அப்படியே தமிழாக்கினதன் விளைவு அது. நம் பிள்ளை சொல்வது "எனக்கு அழுக அழுகயா வருது", "கோவம் வருது", "பயமா இருக்கு". அந்தப் பேச்சைத்தான் நான் சீட்டுக்குப் பெயராக வைத்திருக்கிறேன். இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. கோபம் 'வருது' என்று சொல்கிற பாஷையில், அது 'போயிடுச்சு' என்றும் சுலபமாகச் சொல்லலாம். பிள்ளையைக் கோபக்காரன் ஆக்க வேண்டியதில்லை.

முதல் இரண்டு வாரம் யாரையும் தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்வதில்லை. "பயந்துபோன பாப்பா எங்கே, காட்டு" என்று மட்டும் கேட்பேன். பெயர் சொல்வதைவிடச் சுட்டிக்காட்டுவது எளிது. பிறகு துணிப் பொம்மை வரும். சூசன் டென்ஹாம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986-இலேயே, ஒட்டி எடுக்கக்கூடிய முகங்கள் வைத்த பொம்மைகளைக் கொண்டு மழலையரின் உணர்ச்சி அறிவைச் சோதித்திருக்கிறார். நான் செய்வதும் அதன் ஏழை உறவுதான். பொம்மைக்கு ஏதோ ஒன்று நடக்கும். பிள்ளை அதற்கு ஒரு முகம் வைக்கும். சம்பவம் கையில் இருந்தால் உணர்ச்சிக்குப் பெயர் தானாக வரும்.

ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறேன். தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் "மிஸ், வயிறு வலிக்குது" என்பாள். அம்மா டாக்டரிடம் காட்டிவிட்டார், உடம்புக்கு ஒன்றுமில்லை. (இதை முதலில் செய்துவிட வேண்டும். எடுத்த எடுப்பில் மனசு என்று முடிவுகட்டுவது ஆபத்து.) காலை வட்டத்தில் அவள் எடுப்பது எப்போதும் சந்தோஷச் சீட்டு. ஒருநாள் பொம்மைக் கதையில், "ஸ்கூல் விட்டாச்சு, எல்லாரும் போயாச்சு, பொம்மை மட்டும் கேட்டுகிட்ட நிக்குது" என்றேன். மற்ற பிள்ளைகள் அழுகை முகத்தைக் கேட்டார்கள். இவள் எழுந்து வந்து பயமுகத்தை ஒட்டினாள். "என்ன ஆச்சு பொம்மைக்கு?" என்று கேட்டேன். "வயிறு வலிக்குது. ஆட்டோ அண்ணன் வரல" என்றாள்.

விசாரித்ததில், ஆட்டோக்காரர் இன்னொரு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அரைமணி தாமதமாக வருவது தெரிந்தது. அதுவரை இவள் வாட்ச்மேனோடு தனியாக நின்றிருக்கிறாள். பயம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்று பெரியவர்களே சொல்கிறோம். அவளுக்கு வயிறு தெரிந்தது, பயம் என்ற பெயர்தான் தெரியவில்லை. ஆட்டோ வரும்வரை வகுப்புக்குள் ஆயாவோடு உட்கார ஏற்பாடு செய்தோம். "சாப்பிட்டதும் வர்ற வலி, ஆட்டோ வருமான்னு பயமா இருக்கறதாலயா?" என்று நான் கேட்டபோது தலையாட்டினாள். வலி உடனே நின்றுவிடவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் குறைந்தது. இப்போது யு.கே.ஜி. படிக்கிறாள். தாமதமாகும் நாளில், "ஆயா, எனக்கு பயம் வருது, இங்கயே இருங்க" என்று அவளே சொல்லிவிடுகிறாள்.

பயிற்சிக்குப் போகவிருக்கும் மாணவியருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை கோபச் சீட்டை எடுத்ததும் "நல்ல பிள்ளை கோபப்படுமா?" என்று சொல்லிப் பாருங்கள், நாளையிலிருந்து அந்தச் சீட்டை யாரும் தொடமாட்டார்கள். "ஏன்?" என்றும் கேட்காதீர்கள், அது அந்த வயதுக் காதில் அதட்டலாக விழும். "என்ன நடந்துச்சு?" என்றால் சொல்லும். தம்பியை அடித்ததாகச் சொன்னால், "கோவம் வந்துச்சு, சரி. அடிக்கிறது கூடாது" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சீட்டே வேண்டாம் என்று தலையசைத்தால் விட்டுவிடுங்கள். வீரிட்டு அழுகிறபோது சீட்டை நீட்டாதீர்கள். தூக்கி, தண்ணீர் கொடுத்து, அடங்கிய பிறகுதான் பேச்சு.

வீட்டில் யாரோ துன்புறுத்துவதாகத் தோன்றும் ஒரு சொல் வட்டத்தில் விழுந்தால், அங்கேயே தோண்டக் கூடாது. "சொன்னது நல்லது, அப்புறம் மிஸ்கிட்ட வா" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் வார்த்தையை அப்படியே எழுதி வைத்துத் தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. முகச் சீட்டு கதவைத் திறக்கும், அவ்வளவுதான். அதை வைத்து நாம் வைத்தியரும் ஆக முடியாது, போலீசும் ஆக முடியாது.

அந்த நாலு சீட்டையும் பொம்மையையும் வெளி மேசையில் வைத்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் எடுத்துப் பாருங்கள். மூன்று வருஷப் புழக்கம். அதிகமாகக் கசங்கியிருப்பது கோபச் சீட்டு. சந்தோஷச் சீட்டு இன்னும் ஓரளவு புதுசாகத்தான் இருக்கிறது, எனக்கு அதில் திருப்தியே.