சொட்டுகிற குழாய்: வாஷரா, பீங்கான் தட்டா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

பிளம்பர் பயிற்சி முடித்து எங்கள் குழுவிலிருந்து நாலு பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். போகிற வீட்டில் எல்லாம் ஒரே கேள்விதான். "பழைய மாதிரி சுத்திச் சுத்தித் திறக்கிற குழாய் போடலாமா, கால் சுத்து திருப்பினா தண்ணி வர்ற புதுக் குழாய் போடலாமா? எது நாள்பட உழைக்கும்?" என்று கேட்கிறார்கள். கடைக்காரர் புதுசுதான் நல்லது என்பார். வீட்டுப் பெரியவர் பழசுதான் நல்லது என்பார். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, "உங்க குழாய்க்குத் தண்ணி எங்கிருந்து வருது?" என்பதுதான். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் இரண்டுக்கும் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பழைய குழாயில் மரை போட்ட ஒரு தண்டு இருக்கும். அதுதான் ஸ்பிண்டில். நாம் சுற்றச் சுற்ற அது இறங்கும், ஏறும். அதன் அடியில் ஒரு ரப்பர் வாஷர். தண்ணீர் வருகிற ஓட்டையைச் சுற்றிப் பித்தளையில் ஒரு விளிம்பு இருக்கிறது. வாஷர் இறங்கி அந்த விளிம்பின் மேல் உட்கார்ந்து அழுத்தினால் தண்ணீர் நிற்கும். 1845-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கின யோசனை இது. இன்றைக்கும் அடிப்படை மாறவில்லை.

புதுக் குழாயில் அழுத்துகிற வேலையே கிடையாது. நாணயம் மாதிரி இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி இருக்கும். கண்ணாடிபோல வழவழவென்று தேய்த்திருப்பார்கள். இரண்டிலும் ஓட்டை உண்டு. கீழ்த்தட்டு அசையாது, மேல்தட்டு மட்டும் கைப்பிடியோடு திரும்பும். ஓட்டைக்கு நேராக ஓட்டை வந்தால் தண்ணீர் வரும், கால் சுற்று திருப்பினால் மறைந்துவிடும். இந்தத் தட்டு, தண்டு, ரப்பர் எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கும். அதைக் கார்ட்ரிட்ஜ் என்கிறோம். சில கடைகளில் 'இன்னர்' என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

வாஷர் குழாயில் தேய்வது ரப்பர். அதுவும் நாம் இறுக்கி இறுக்கி மூடுவதால்தான் சீக்கிரம் தேய்கிறது. பீங்கானில் அந்தத் தேய்மானம் இல்லை. சுத்தமான தண்ணீர் வந்தால் பல வருஷம் பிரிக்காமலே ஓடும். இதுவரைக்கும் கடைக்காரர் சொன்னது சரி. ஆனால் 'சுத்தமான தண்ணீர் வந்தால்' என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

நம் பயிற்சிக் கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கை கழுவுகிற இடத்தில் ஆறு கால் சுற்றுக் குழாய் போட்டார்கள். நாலு மாதத்தில் மூன்று சொட்ட ஆரம்பித்தது. "மட்டமான குழாயை வாங்கிட்டாங்க" என்று பேச்சு வந்துவிட்டது. கூட்டத்திலேயே ஒரு அக்கா எழுந்து, யார் வாங்கியது, பில் எங்கே என்று கேட்டார்கள். வாங்கிய அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர். குழாயைப் பிரித்துப் பார்க்காமல் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேர் ஸ்பேனரோடு போனோம்.

முதலில் எவ்வளவு வீணாகிறது என்று பார்த்தோம். சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்து மணி பார்த்தோம். ஒரு மணி பத்து நிமிடத்தில் நிறைந்தது. அப்படியானால் ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல். மூன்று குழாய்க்கும் சேர்த்து 60 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓர் ஆளுக்கு உண்டானது முழுக்கச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் வால்வை மூடிவிட்டுக் கழற்றினோம். கைப்பிடியில் இருக்கிற சின்ன வில்லையை நகத்தால் நெம்பினால் அடியில் ஒரு ஸ்க்ரூ தெரியும். அதை எடுத்தால் கைப்பிடி வந்துவிடும். அடுத்து, ஆறு பட்டை உள்ள பித்தளைப் பகுதியில் ஸ்பேனர் போட்டு இடப்பக்கம் திருப்பினால் கார்ட்ரிட்ஜ் முழுசாகக் கையில் வரும். அதன் அடியில் மோதிரம்போல ஒரு ரப்பர் இருக்கும். குழாயின் உடம்போடு ஒட்டுவது இந்த ரப்பர்தான். பீங்கான் நன்றாக இருந்து, இந்த ரப்பர் கெட்டாலும் குழாய் சொட்டும். நிறையப் பேர் இதைப் பார்க்காமலே கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டு குழாயில் அந்த ரப்பர் மேலேயும் தட்டு இடுக்கிலேயும் மணல் இருந்தது. கூடவே வெள்ளையாகச் சுருள் சுருளாக என்னவோ. பார்த்தால், பி.வி.சி. பைப்பை ரம்பத்தால் அறுத்தபோது விழுந்த தூள்! பைப்பு போட்டதும் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவாமல் அப்படியே குழாயை மாட்டியிருக்கிறார்கள். இரண்டையும் நல்ல தண்ணீரில் அலசி, ரப்பரைத் துடைத்துத் திரும்பப் போட்டோம். சொட்டு நின்றுவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

மூன்றாவதில் மேல்தட்டின் ஓரம் அரிசி மணி அளவுக்குப் பெயர்ந்திருந்தது. மணலைவிடப் பீங்கான் கடினம். அதனால் மணல் அதைச் சுலபமாகக் கீறிவிடாது. ஆனால் மணல் இடுக்கில் மாட்டினால் இரண்டு தட்டும் ஒட்டாது, திருப்பவும் கடினமாக இருக்கும். அந்த நேரம் பலம் போட்டுத் திருப்பினால் ஓரம் தெறித்துவிடும். தெறித்த பீங்கானுக்கு மருந்து கிடையாது, கார்ட்ரிட்ஜ்தான் மாற்ற வேண்டும்.

அதற்குத்தான் அலைந்தோம். கார்ட்ரிட்ஜ் பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும், ஆனால் கைப்பிடி மாட்டுகிற தலையில் பல் பல்லாக இருக்கிறது பாருங்கள், அது ஒரு கம்பெனிக்கு 20 இருக்கும், இன்னொன்றுக்கு 24 இருக்கும். தண்டு நீளமும் மாறும். பல் பொருந்தாவிட்டால் கைப்பிடி உட்காராது. மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. வாஷர் அப்படியில்லை. அரை இஞ்சுக் குழாய் வாஷர் என்று கேட்டால் எந்தப் பெட்டிக்கடை ஹார்டுவேரிலும் ஐந்து, பத்து ரூபாய்க்குக் கிடைக்கும். கார்ட்ரிட்ஜ் எங்கள் கடைத்தெருவில் நூறிலிருந்து முந்நூறு வரை ஆகிறது.

மணல் எங்கிருந்து வந்தது? அந்தக் கை கழுவும் வரிசைக்குத் தொட்டித் தண்ணீர் இல்லை. போர் மோட்டாரிலிருந்து நேராக லைன். மோட்டார் போட்ட முதல் நிமிஷம் ஒரு வாளி பிடித்து வைத்துப் பார்த்தால் அடியில் மணல் படிகிறது. இதுதான் காரணம், குழாய் வாங்கிய அக்கா இல்லை. அதனால் அந்த வரிசைக்கு வாஷர் குழாய் மாட்டினோம். கழற்றிய ஆறும், புது கார்ட்ரிட்ஜ் போட்டதையும் சேர்த்து, சமையல் கட்டிலும் கழிவறையிலும் மாட்டினோம். அங்கே மாடித் தொட்டியில் மணல் அடியில் தங்கி, தெளிந்த தண்ணீர் வருகிறது. இன்றுவரை சொட்டவில்லை.

அதனால் என் கணக்கு இதுதான். போரிலிருந்து நேராக வருகிற லைன், தோட்டம், மாட்டுத் தொழுவம், பத்துப் பேர் கை படுகிற தெருக்குழாய் என்றால் வாஷர் குழாய் போடுங்கள். மணல் வந்தாலும் ரப்பர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், போனால் நாமே மாற்றிவிடலாம். தொட்டித் தண்ணீர் வருகிற சமையல் கட்டுக்குக் கால் சுற்றுக் குழாய்தான் வசதி. மாவுக் கையோடு புறங்கையால் தள்ளினாலே போதும். விரல் மடங்காத மாமியாருக்கும் அதுதான் சுலபம். போர் லைனில்தான் அது வேண்டும் என்றால், மோட்டாருக்கு அடுத்து ஒய் ஸ்ட்ரெய்னர் என்று ஒரு வடிகட்டி போட்டு, மாதம் ஒரு தரம் அதன் சல்லடையைக் கழுவ வேண்டும். கழுவுவதற்கு ஆள் இல்லை என்றால் போடாதீர்கள், அடைத்துக்கொண்டு தண்ணீரே வராது.

உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்கள் கேட்பீர்கள். உப்பு இரண்டையும் பிடிக்கும். வாஷர் குழாயில் மரை இறுகும், பீங்கானில் கைப்பிடி திருப்ப முடியாமல் போகும். இறுகின கைப்பிடியைக் குறடு போட்டுத் திருப்பினால் உள்ளே பல் உடைந்துவிடும். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வினிகரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். தேங்காய் எண்ணெய், வண்டி கிரீஸ் எல்லாம் தடவ வேண்டாம், சில ரப்பர் அதில் ஊதிப்போகும். குழாய்க்கென்று சிலிக்கான் கிரீஸ் இருக்கிறது, ஒரு பொட்டு போதும்.

வாஷர் மாற்றுவதில் இரண்டே விஷயம் கவனியுங்கள். வால்வை மூடிய பிறகு குழாயைப் பாதி திறந்த நிலையில் வைத்துக்கொண்டுதான் தலைப்பகுதியைக் கழற்ற வேண்டும், மாட்டும்போதும் அப்படியே. இல்லாவிட்டால் வாஷர் விளிம்பில் நசுங்கிக் கிழியும். புது வாஷர் போட்டும் சொட்டினால், விரலை உள்ளே விட்டு அந்தப் பித்தளை விளிம்பைத் தடவிப் பாருங்கள். நகத்தில் தட்டுகிற மாதிரி கோடு இருந்தால், பல மாதம் சொட்டவிட்டதால் தண்ணீரே பித்தளையை அரித்திருக்கிறது என்று அர்த்தம். எத்தனை வாஷர் மாற்றினாலும் அது நிற்காது, விளிம்பைச் சீவுகிற கருவியால் சமன் செய்ய வேண்டும். அந்தக் கருவி எங்களிடம் இருக்கிறது, சொல்லி அனுப்புங்கள். மூடியிருக்கும்போது சொட்டாமல், திறந்தால் மட்டும் கைப்பிடி அடியில் கசிகிறது என்றால் வாஷர் குற்றமே இல்லை. தண்டைச் சுற்றி இருக்கிற சின்ன நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். அப்படியும் கசிந்தால் நட்டைக் கழற்றித் தண்டில் டெஃப்லான் நூல் சுற்றி மாட்டினால் போதும்.

கால் சுற்றுக் குழாய் வாங்குகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் "இதுக்குக் கார்ட்ரிட்ஜ் தனியா இருக்கா, எடுத்துக் காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டினால் வாங்கலாம். கூடமோ சங்கக் கட்டடமோ என்றால் எல்லாக் குழாயும் ஒரே கம்பெனியில் வாங்கி, ஒரு கார்ட்ரிட்ஜ் உபரியாக எடுத்துப் பீரோவில் வையுங்கள். பின்னால் மாற்ற வேண்டி வந்தால் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், பல்லை எண்ணி, நீளத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

அந்த மேசையில் இரண்டு வகைக் குழாயும் பிரித்து வைத்திருக்கிறேன், ஓரம் பெயர்ந்த தட்டும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்துப் பாருங்கள், ஸ்பேனரும் பக்கத்திலேயே இருக்கிறது.