பாப்பாவின் எடை குறித்துப் பெற்றோருக்கு ஒரு கடிதம்



ஒன்பது மாதப் பெண் குழந்தை ஒன்றின் எடை சரியாக ஏறவில்லை. அதை மருத்துவர் அந்தப் பெற்றோருக்குக் கடிதமாக எழுத வேண்டும். அந்தக் கடிதம் எப்படி இருந்தால் நல்ல கடிதம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் ஊரில் இப்படிக் கடிதம் எழுதும் வழக்கம் அநேகமாக இல்லை. மருந்துச் சீட்டின் ஓரத்தில் "எடை குறைவு, சத்தான ஆகாரம்" என்று ஒரு வரி இருக்கும், கீழே ஒரு டானிக்கின் பெயர் இருக்கும். பிரிட்டனிலும் நெடுங்காலம் கடிதம் ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொரு மருத்துவருக்குத்தான் போனது. பெற்றோருக்குக் கிடைத்தால் அதன் நகல்தான் கிடைக்கும். 2018-ல் அங்குள்ள மருத்துவ ராயல் கல்லூரிகளின் கூட்டமைப்பு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கடிதத்தை நோயாளிக்கே, குழந்தையென்றால் பெற்றோருக்கே எழுதுங்கள், நகலை மருத்துவருக்கு அனுப்புங்கள் என்றது அது. அந்த வழக்கம் நமக்கும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஏன் என்று சொல்ல, மாதிரிக் கடிதம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். குழந்தையைப் பாப்பா என்றே வைத்துக்கொள்வோம்.

கடிதம் இப்படித் தொடங்குகிறது. "பாப்பாவின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வணக்கம். நேற்று பாப்பாவைப் பரிசோதித்தோம். சுறுசுறுப்பாக இருக்கிறாள், பிடிமானம் இல்லாமல் உட்காருகிறாள். நோய் இருப்பதற்கான அடையாளம் எதுவும் தென்படவில்லை. ஆனால் கடந்த மூன்று மாதங்களில் அவள் எடை ஏற வேண்டிய அளவு ஏறவில்லை. இதனால் உடனடி ஆபத்து இல்லை. ஆனாலும் இப்போதே சரிசெய்ய வேண்டும்."

இந்த ஆறேழு வரிகளை நான் மிகவும் மதிக்கிறேன். கவரைப் பிரிக்கும்போதே தாயின் மனத்தில் ஒரு கேள்வி இருக்கும்: என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா? அதற்குப் பதில் கிடைக்கும்வரை அடுத்து எழுதியிருக்கும் எதுவும் அவளுக்குள் இறங்காது. அப்பாவையும் சேர்த்து விளித்திருப்பதும் வெறும் மரியாதைக்காக இல்லை. இந்தக் கடிதத்தை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். பாட்டி படிக்கச் சொல்லிக் கேட்பார், துபாயில் இருக்கும் அப்பா போனில் கேட்பார். அம்மா பெயருக்கு மட்டும் வந்தால், குறை அம்மாவுடையது என்று அந்த வீடு முடிவுகட்டிவிடும்.

அடுத்தது கணக்கு. "பாப்பா பிறந்தபோது 3 கிலோ. ஆறு மாதம் முடிந்தபோது 7 கிலோ. இப்போது ஒன்பது மாதம் முடிந்து 7 கிலோ 200 கிராம். வளர்ச்சி அட்டையின் நடுக்கோட்டில் வளரும் பெண் குழந்தைக்கு இந்த மூன்று மாதத்தில் சுமார் 900 கிராம் கூடும். பாப்பாவுக்கு 200 கிராம் கூடியிருக்கிறது."

இதைப் படித்த எந்த அப்பாவும் அட்டையை எடுத்துப் பார்ப்பார். நம் தாய் சேய் நல அட்டையில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று நிறப் பகுதிகள் உண்டு. ஒன்பது மாதத்தில் ஆறரைக் கிலோவுக்குக் கீழே போனால்தான் பெண் குழந்தையின் புள்ளி மஞ்சளில் விழும். பாப்பாவின் புள்ளி பச்சையில் இருக்கிறது. "பச்சையில்தானே இருக்கு, எதுக்கு இந்தக் கடிதம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு நல்ல கடிதம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கும்.

புள்ளி எந்த நிறத்தில் இருக்கிறது என்பதைவிட, புள்ளிகளைச் சேர்க்கும் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் அட்டையில் முக்கியம். பக்கத்து வீட்டில் இன்னொரு பெண் குழந்தை இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது இரண்டரைக் கிலோ, ஆறு மாதத்தில் 6 கிலோ, ஒன்பது மாதத்தில் 6 கிலோ 800 கிராம். பாப்பாவைவிட எடை குறைவு. ஆனால் மூன்று மாதத்தில் 800 கிராம் கூடியிருக்கிறாள். அட்டையில் அச்சிட்ட கோடுகளை ஒட்டியே மேலே போகிறாள். அவள் சிறிய உடல்வாகு உள்ள, ஒழுங்காக வளரும் குழந்தை. பாப்பாவின் கோடு நடுக்கோட்டை நெருங்கி வந்துவிட்டு, ஆறு மாதத்துக்குப் பிறகு படுத்துவிட்டது. கவலை பாப்பாவைப் பற்றித்தான்.

நடுக்கோட்டைப் பாஸ் மார்க் என்று நினைப்பவர்களுக்காகவும் ஒரு வரி வேண்டும். இந்த அளவுகளை உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டது. ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து வரைந்த கோடுகள் அவை. தெற்கு டெல்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. அந்த ஆரோக்கியமான குழந்தைகளிலும் பாதிப் பேர் நடுக்கோட்டுக்குக் கீழேதான் இருந்தார்கள். அப்படி இருந்தால்தான் அது நடுக்கோடு.

எடை போட்டதே சரிதானா என்ற சந்தேகத்தையும் கடிதம் தீர்க்க வேண்டும். போன முறை அங்கன்வாடித் தராசு, இந்த முறை ஆஸ்பத்திரித் தராசு. போன முறை ஸ்வெட்டரும் வெள்ளிக் கொலுசும் நனைந்த நாப்கினுமாகப் போட்ட எடை, இந்த முறை வெறும் உடம்போடு போட்ட எடை. இந்த வித்தியாசமே 200, 300 கிராமை விழுங்கிவிடும். வயதுக் கணக்கிலும் தவறு வரும். "பத்தாவது மாசம் நடக்குது" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுப் பத்து மாதக் கட்டத்தில் புள்ளி வைத்தால், வளர்ச்சி இல்லாததுபோலத் தெரியும். அதனால் கடிதத்தில் "உடையில்லாமல் இரண்டு முறை எடை பார்த்தோம், பிறந்த தேதியை வைத்து வயதைக் கணக்கிட்டோம்" என்று எழுத வேண்டும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மற்றதெல்லாம் விவாதத்துக்குரியதாகிவிடும்.

இப்போது காரணம். "பாப்பாவின் நீளமும் தலைச் சுற்றளவும் தத்தம் கோட்டிலேயே போகின்றன. எடை மட்டும் பின்தங்கியிருக்கிறது. உணவு போதாதபோது முதலில் எடைதான் நிற்கும்; நீளம் பிறகு, தலை கடைசியாக. எனவே சாப்பாட்டிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறோம்."

ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு வேறு உணவும் வேண்டும். ஒன்பது மாதத்தில் அந்த வேறு உணவிலிருந்து நாளைக்குச் சுமார் 300 கலோரி வர வேண்டும். பாப்பாவுக்கு மூன்று வேளையும் கேழ்வரகுக் கஞ்சி, வேளைக்கு ஒரு டம்ளர் கொடுக்கிறார்கள். கேட்டால் நிறையத்தான் இருக்கிறது. ஆனால் தொண்டையில் சிக்கிவிடுமோ என்று பயந்து, 200 மில்லித் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் மாவைத்தான் கரைக்கிறார்கள். அந்த மாவு 10 கிராம் இருக்கும்; அதில் வருவது 30 கலோரிக்குச் சற்று மேல். மூன்று டம்ளருக்கும் சேர்த்து 100 கலோரிதான். இந்த வயதுக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே ஏறத்தாழ 200 மில்லி. ஆக, வயிறு தண்ணீரால் நிரம்பிவிடுகிறது. குழந்தையும் போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பார்ப்பவர்களுக்கு "நல்லாத்தான் சாப்பிடுது, உடம்புல ஒட்டல" என்று தோன்றுகிறது.

கடிதம் இந்தக் கணக்கை அப்படியே எழுதிக்காட்ட வேண்டும். அதோடு, "தாய்ப்பால் போதாததால் வந்த சிக்கல் இது என்று நாங்கள் கருதவில்லை. தாய்ப்பாலைத் தொடருங்கள்" என்று தனி வரியாக எழுத வேண்டும். இந்த வரி விடுபட்டுப்போன கடிதத்தை நான் தேர்ச்சிபெற்றதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். "எடை குறைவு" என்று மட்டும் எழுதினால் வீட்டில் நடப்பது ஒன்றே. "உனக்குப் பால் பத்தல" என்ற பேச்சு எழும், மறுநாள் பால் பவுடர் டின் வரும். டின் வந்தால் குழந்தை மார்பில் குடிப்பது குறையும், அதனால் பால் சுரப்பதும் குறையும். இல்லாத குறையைக் கடிதமே உண்டாக்கிவிடும்.

என்ன செய்ய வேண்டும் என்பதை வீட்டுச் சமையலில் வைத்துச் சொல்ல வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்து ஓடாத அளவுக்குக் கூழ் கெட்டியாக இருக்கட்டும். வேளைக்கு ஒரு டீஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ சேருங்கள். அதிலேயே 40 கலோரி வந்துவிடும், வயிற்றில் இடமும் அடைக்காது. மூன்று அல்லது நான்கு வேளைச் சாப்பாடு, நடுவில் ஒரு முறை வாழைப்பழமோ இட்லியோ. குழையப் பிசைந்த பருப்புச் சாதம் ஒரு வேளை, முடிந்தால் முட்டை. அங்கன்வாடியில் கொடுக்கும் இணை உணவுச் சத்துமாவு பாப்பாவுக்கும் உண்டு, வாங்கிக்கொள்ளுங்கள். பருப்பும் முட்டையும் வாங்கக் கஷ்டப்படும் குடும்பத்துக்கு இந்தக் கடைசி வரிதான் உண்மையில் உதவும்.

பிறகு, அடுத்து என்ன என்ற பகுதி. பல கடிதங்கள் இங்கேதான் நழுவுகின்றன. "மீண்டும் வரவும்" என்று எழுதினால் போதாது. தேதி வேண்டும், எண் வேண்டும். "நான்கு வாரம் கழித்து, இதே தராசில் எடை பார்ப்போம். இந்த வயதில் மாதத்துக்கு 250 கிராம் அளவில் கூடுவது வழக்கம். அந்த அளவோ அதற்கு மேலோ கூடியிருந்தால் இதே சாப்பாட்டைத் தொடரலாம். கூடவில்லை என்றால் சிறுநீரில் தொற்று இருக்கிறதா, ரத்தத்தில் குறை இருக்கிறதா என்று சோதிப்போம், காசநோய் உள்ளவர் யாரோடாவது பழக்கம் உண்டா என்றும் விசாரிப்போம். இன்றே அவற்றைச் செய்யாததற்குக் காரணம், பாப்பாவுக்குக் காய்ச்சலோ வாந்தியோ பேதியோ இல்லை என்பதுதான்." சோதனையை ஏன் தள்ளிவைத்தோம் என்று சொல்லாவிட்டால், அலட்சியம் செய்தார்கள் என்று எண்ணி வேறு டாக்டரிடம் ஓடுவார்கள்.

இடையில் தினமும் எடை பார்க்க வேண்டாம் என்றும் எழுத வேண்டும். ஒரு தடவை பால் குடித்தாலே 100 கிராம் ஏறும், ஒரு தடவை மலம் கழித்தால் இறங்கும். அதைப் பார்த்துப் பதறுவதில் பயனில்லை. ஆனால் பாப்பா பால்கூடக் குடிக்க மறுத்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், சிறுநீர் குறைந்தால், துவண்டு கிடந்தால், இரண்டு பாதங்களும் வீங்கினால் தேதிக்குக் காத்திராமல் அன்றே தூக்கிக்கொண்டு வர வேண்டும். இந்தப் பகுதியைக் கடிதத்தில் தடித்த எழுத்தில் போடலாம்.

கடிதத்துக்கு எல்லை உண்டு. புள்ளி ஆரஞ்சில் இருக்கும் குழந்தைக்கும், மேல்கைச் சுற்றளவு பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போன குழந்தைக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே சிகிச்சை தொடங்க வேண்டும். எழுத்து வாசிக்காத வீடுகளும் உண்டு. அதனால் கடிதம் ஒரு பக்கத்துக்குள், வாய்விட்டுப் படித்தால் புரியும்படி இருக்க வேண்டும். 1950களின் இறுதியில் நைஜீரியாவின் இமேசி-இலே கிராமத்தில் வளர்ச்சி அட்டையை நடைமுறைக்குக் கொண்டுவந்த டேவிட் மார்லி, அட்டை ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கக் கூடாது, தாயின் கையில்தான் இருக்க வேண்டும் என்றார். கடிதமும் அந்த அட்டைக்குள் மடித்து வைக்கும் அளவில் இருக்கட்டும். கிராம சுகாதார செவிலியர் வரும்போது அவரும் எடுத்துப் படிக்கலாம்.

நான்கு வாரம் கழித்துப் பாப்பா 7 கிலோ 550 கிராம் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 350 கிராம் கூடியிருக்கிறது. மருத்துவருக்கு நிம்மதி, அத்தோடு விட்டுவிடுவார். இரண்டாவது கடிதம் எழுதுபவர்கள் மிகக் குறைவு. ஆனால் நம் தடுப்பூசி அட்டவணையில் ஒன்பது மாதத் தட்டம்மை ஊசிக்குப் பிறகு, அடுத்த ஊசி பதினாறு மாதத்தில்தான். நடுவே ஏழு மாதம் தடுப்பூசிக்கென்று குழந்தையை எடுத்துவர வேண்டிய தேவையே இல்லை. ஆகவே நான்கே வரியில் இன்னொரு கடிதம் போக வேண்டும்: எவ்வளவு கூடியது, கூழை அதே கெட்டியில் தொடருங்கள், பாப்பாவுக்குப் பன்னிரண்டு மாதம் முடியும் இந்தத் தேதியில் எடை பார்க்க வாருங்கள், அன்று கோடு மேல் நோக்கியே போனால் அதன் பிறகு எங்களிடம் வர வேண்டியதில்லை, அங்கன்வாடியில் மாதாமாதம் எடை போட்டால் போதும்.