வாடகையா, விழுக்காடா? சிறு வணிகரின் அட்டைக் கருவிக் கணக்கு



ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடை. வந்தவாசியில் ஒரு மளிகைக் கடை. இரண்டும் எடுத்துக்காட்டுக்காகக் கற்பித்துக்கொண்டவையே. ஆயினும் இத்தகைய கடைகளை நடத்துவோர் இந்த அவையில் பலர் இருக்கக் கூடும். இருவர் கடையிலும் வங்கிப் பணியாளர் ஒருவர் வந்து, "அட்டை தேய்க்கும் கருவி வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். கடைத்தெரு வழக்கில் அதற்கு ஸ்வைப் மெஷின் என்று பெயர். அவர் இரண்டு திட்டங்களைச் சொல்கிறார். ஒன்றில் மாத வாடகை கிடையாது. ஒவ்வொரு விற்பனையிலும் இத்தனை விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். மற்றொன்றில் மாத வாடகை உண்டு. விழுக்காடு சற்றுக் குறைவு. எது மலிவு?

இதனைச் சிறு தொகை என்று ஒதுக்குவதற்கில்லை. பத்தாயிரம் ரூபாய்ச் சேலையில் கடைக்காரருக்கு நிற்கும் ஆதாயம் ஆயிரம் ரூபாய் என்று கொள்வோம். அதில் 2 விழுக்காடு பிடித்தால் போவது 200 ரூபாய். விலையில் ஐம்பதில் ஒரு பங்காகத் தோன்றுவது, ஆதாயத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

அந்த விழுக்காடு யாருக்குப் போகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். ஆங்கில முதலெழுத்துகளால் அதனை எம்.டி.ஆர். என்பர். வாங்குபவர்க்கு அட்டை வழங்கிய வங்கி ஒரு பங்கும், விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அட்டை வலையமைப்பு ஒரு பங்கும், கடையில் கருவியை வைத்த வங்கி எஞ்சிய பங்கும் பெறுகின்றன. கடைக்காரரிடம் பேரம் பேச வருபவர் கையில் இருப்பது இந்த மூன்றாம் பங்கு மட்டுமே. ஆகவே கடன் அட்டைக்கு "வாடகை மட்டும் கொடுங்கள், விழுக்காடே இல்லை" என்று யாரேனும் சொன்னால், மற்ற இருவர்க்கும் உரியதை எங்கிருந்து தருவார் என்று கேட்பது முறை. பெரும்பாலும் அந்தச் சொல் சில மாதங்களுக்கு உரியதாகவோ, ஒரு குறிப்பிட்ட விற்பனை அளவுக்குள் அடங்கியதாகவோ இருக்கும்.

அடுத்து, எந்தப் பணம் இந்தக் கணக்கில் சேரும் என்று பிரித்தறிய வேண்டும். பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். 2020 ஜனவரி 1 முதல், வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாகச் செலுத்தும் பணத்துக்கும் ரூபே பற்று அட்டைக்கும் வணிகரிடம் எம்.டி.ஆர். வாங்கக் கூடாது என்பது சட்டம். மற்றப் பற்று அட்டைகளுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதித்துள்ளது. 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதியின்படி, முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய் வரை விற்பனை உள்ள சிறு வணிகரிடம், கருவி வழிப் பரிவர்த்தனைக்கு 0.40 விழுக்காட்டுக்கு மேல் வாங்கலாகாது; அதுவும் ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாயைத் தாண்டலாகாது. அதற்கு மேற்பட்ட விற்பனை உள்ளவர்க்கு வரம்பு 0.90 விழுக்காடு, உச்சம் 1000 ரூபாய். கடன் அட்டைக்கு இவ்வாறு வரம்பு ஏதும் இல்லை. திட்டத்துக்குத் திட்டம் மாறுவது பெரிதும் கடன் அட்டையின் விழுக்காடே.

எனவே, "மாதம் எவ்வளவு விற்பனை?" என்று வங்கிப் பணியாளர் கேட்கும்போது மொத்த விற்பனையைச் சொல்லுவது பயனற்றது. வேண்டுவது, அதில் கடன் அட்டையால் வருவது எவ்வளவு என்ற ஒரே எண்.

ஆரணிக் கடைக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்கும் பொருட்டு எண்களை நாமே வைத்துக்கொள்வோம். முதல் திட்டத்தில் வாடகை இல்லை. கடன் அட்டைக்கு 2 விழுக்காடு. இரண்டாம் திட்டத்தில் மாத வாடகை 600 ரூபாய். கடன் அட்டைக்கு 1.6 விழுக்காடு. இரண்டுக்கும் வேறுபாடு 0.4 விழுக்காடு, அதாவது ஆயிரம் ரூபாய்க்கு 4 ரூபாய் மிச்சம். 600 ரூபாய் வாடகையை இந்த நான்கு நான்கு ரூபாயாக மீட்க 150 ஆயிரம், அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய்க்குக் கடன் அட்டை விற்பனை வேண்டும். வாடகையை விழுக்காட்டு வேறுபாட்டால் வகுத்தால் வருவது இந்தச் சமநிலை எண். அதற்குக் கீழே முதல் திட்டம் மலிவு. மேலே இரண்டாம் திட்டம் மலிவு.

கடையின் மாத விற்பனை 8 லட்சம். ஒன்றரை லட்சத்தை விட இது எவ்வளவோ மிகுதி என்று கருதி, உரிமையாளர் வாடகைத் திட்டத்தில் கையெழுத்திடுகிறார். ஆனால் அந்த எட்டு லட்சத்தைப் பிரித்துப் பார்த்தால், ரொக்கம் 3 லட்சம், யு.பி.ஐ. 3 லட்சத்து 80 ஆயிரம், பற்று அட்டை 40 ஆயிரம், கடன் அட்டை 80 ஆயிரம். முதல் திட்டத்தில் இருந்திருந்தால் 1600 ரூபாய் பிடிக்கப்பட்டிருக்கும். இப்போது 1280 ரூபாயும் வாடகை 600 ரூபாயும் சேர்த்து 1880. மாதந்தோறும் 280 ரூபாய் கூடுதலாகப் போகிறது.

இத்துடன் முடிவு செய்தால் அதுவும் பிழையே. பட்டுக்கடைக்கு எல்லா மாதமும் ஒன்றல்ல. ஆடியில் ஈயாடும் கடை ஆவணியில் அடைபடும். தை, வைகாசி முகூர்த்தங்களும் தீபாவளியை ஒட்டிய நாட்களும் தனிக் கணக்கு. கையில் கொண்டுவந்த பணத்துக்கு மேல் சேலை எடுத்துவிட்டுக் கடன் அட்டையை நீட்டும் குடும்பங்கள் அப்போதுதான் பெருகும். அத்தகைய நான்கு மாதங்களில் கடன் அட்டை விற்பனை மாதம் 4 லட்சம் என்று கொண்டால், முதல் திட்டத்தில் 8000 ரூபாய், இரண்டாவதில் 7000. மாதம் 1000 ரூபாய் மிச்சம். நான்கு மாதத்து மிச்சம் 4000. எட்டு மாதத்து இழப்பு 2240. ஆண்டின் இறுதியில் வாடகைத் திட்டமே 1760 ரூபாய் மலிவு.

அதே முகூர்த்த மாதங்களில் 4 லட்சத்துக்குப் பதில் இரண்டரை லட்சமே வந்தால்? மிச்சம் மாதம் 400 வீதம் 1600 ரூபாய். எட்டு மாத இழப்பு அதனை விழுங்கி, மேலும் 640 ரூபாயைக் கொண்டுபோகும். அப்போது விழுக்காட்டுத் திட்டமே நல்லது.

ஓராண்டு ஒப்பந்தம் செய்பவர் மாதம் மாதமாகப் பார்த்து அலைய வேண்டியதில்லை. ஆண்டு முழுமைக்கும் சமநிலை 18 லட்சம். முன் சொன்ன முதல் வகையில் ஆண்டுக் கடன் அட்டை விற்பனை 22 லட்சத்து 40 ஆயிரம். இரண்டாம் வகையில் 16 லட்சத்து 40 ஆயிரம். பார்த்த அளவில் விடை தெரிந்துவிடும். விரும்பிய மாதத்தில் திட்டம் மாற்றிக்கொள்ள வங்கி இசைந்தால் மட்டுமே மாதக் கணக்குப் பயன்படும். புதிதாகக் கடை தொடங்குவோர்க்கு முந்தைய ஆண்டு என்பதே இல்லை. அவர்கள் ஓர் ஆடியும் ஓர் ஆவணியும் கடக்கும் வரையேனும் வாடகையற்ற திட்டத்தில் இருந்து, எண் கையில் கிடைத்தபின் முடிவு செய்வது தக்கது.

ஜி.எஸ்.டி. இந்தக் கணக்கைச் சற்றே அசைக்கும். வாடகைக்கு 18 விழுக்காடு வரி உண்டு. அட்டைக் கட்டணத்துக்கும் அவ்வாறே. ஆனால் ஒரு பரிவர்த்தனை 2000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் அந்தக் கட்டணத்துக்கு வரிவிலக்கு உண்டு. கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளும் வணிகர்க்கு இதனால் மாற்றமில்லை. இணக்க முறையில், அதாவது காம்போசிஷன் திட்டத்தில் வரி கட்டுவோர்க்கு அந்த வரவு கிடையாது. அவர் விற்பது சிறு சிறு தொகைக்கு என்றால், 600 ரூபாய் வாடகை 708 ஆகும். விழுக்காட்டின் மீதோ வரி ஏறாது. சமநிலை ஒன்றரை லட்சத்திலிருந்து 1 லட்சத்து 77 ஆயிரமாக உயரும். சிறு தொகை விற்பனைக்கு வாடகைத் திட்டம் இன்னும் சற்றுத் தொலைவாகிறது.

இனி வந்தவாசி மளிகைக் கடை. அங்கே பணம் ரொக்கமாகவும் யு.பி.ஐ. ஆகவும் வருகிறது, கடன் அட்டை நீட்டுபவர் மாதத்தில் நால்வர் ஐவர். இவர்க்கு அட்டைக் கருவியே வேண்டுவதில்லை. கியூ.ஆர். அட்டை ஒட்டிவைத்தால் போதும். பணம் வந்ததை உரக்கச் சொல்லும் சிறு பெட்டிக்கு மட்டும் மாத வாடகை கேட்பார்கள். அது விற்பனை எவ்வளவானாலும் மாறாத கட்டணம். அதனால் மிச்சமாவதை விழுக்காட்டில் தேடக் கூடாது. கூட்ட நேரத்தில் யாரோ காட்டும் பொய்த் திரையை நம்பி ஏமாறும் தொகை எவ்வளவு என்பதே அங்கு எடைக்கல். வாடகை 100 ரூபாய் எனில், பத்து மாதத்தில் ஓராயிரம் ரூபாய் ஏமாறுகிற கடைக்கு அந்தப் பெட்டி தன் விலையை ஈட்டிவிடும். ஒருவரே அமர்ந்து, வங்கிக் குறுஞ்செய்தியை அப்போதைக்கப்போது பார்த்துக்கொள்ளும் சிறு கடைக்கு அது வீண்.

இத்தனை கணக்கும் கைக்கு எட்டாமல் போவதற்குக் காரணம், இரண்டு கட்டணங்களும் கண்ணில் படும் விதம் வேறு என்பதே. வாடகை மாதம் ஒருமுறை தனி வரியாகக் கணக்கில் கழிகிறது. உரிமையாளர்க்கு அது உறுத்துகிறது. விழுக்காடோ பிடித்தபின் எஞ்சியதாகவே வரவு வைக்கப்படுகிறது. பத்தாயிரத்துக்குத் தேய்த்தால் மறுநாள் 9800 வரும். குறைந்த இருநூறு எங்கும் செலவாகத் தெரியாது. ஆகவே வாடகையை நினைத்து வருந்துபவர் பலர். அதைப் போல் மும்மடங்கு விழுக்காட்டில் போவதை அறிந்தவர் சிலர். பற்று அட்டை, கடன் அட்டை, யு.பி.ஐ. எனத் தனித்தனியே பிரித்த மாத அறிக்கையை வங்கியிடம் கேட்டு வாங்க வேண்டும். அதில் பற்று அட்டைக்கு எதிரே 2 விழுக்காடு போன்றதோர் எண் காணப்பட்டால், அது முன் சொன்ன வரம்பை மீறியது. எழுத்து மூலம் முறையிட்டுத் திரும்பப் பெற வேண்டியது.

ஒப்பந்தத்தில் ஓர் இடத்தை மட்டும் கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டும். "மாதம் இவ்வளவுக்கு மேல் தேய்த்தால் வாடகை இல்லை" என்ற வரி சிலவற்றில் இருக்கும். அந்த அளவை எட்டக் கடைக்காரரே தம் அட்டையைத் தம் கருவியில் தேய்ப்பதுண்டு. இருபதாயிரம் ரூபாய் தேய்த்தால் 1.6 விழுக்காட்டில் 320 ரூபாய் போகும். 600 ரூபாய் மிச்சம் என்று மனம் மகிழும். ஆனால் பொருள் விற்காமல் அட்டை தேய்ப்பது வங்கிகள் விலக்கிய செயல். கண்டறிந்தால் பணத்தை நிறுத்திவைத்து, கருவியையும் முடக்குவார்கள். முகூர்த்த மாதத்தில் அது நேர்ந்தால் இழப்பு வாடகையோடு நில்லாது.

கருவியைத் திருப்பிக் கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டியில் போட்டு மூலையில் வைத்துவிட்டால் வாடகை நிற்பதில்லை. கணக்கில் தானே கழிந்துகொண்டிருக்கும். கருவியின் எண்ணைக் குறிப்பிட்டு முடித்துவைக்கும் கடிதம் கொடுத்து, ஒப்படைத்த நாளுக்குக் கையொப்பமிட்ட ஒப்புகை பெற்று, அடுத்த இரண்டு மாத வங்கிக் கணக்கிலும் அந்த வரி வரவில்லை என்பதைப் பார்த்த பின்னரே பழைய ஒப்பந்தத்தைக் கட்டி உள்ளே வைக்கலாம்.