வார்ப்படத்தில் ஒளிந்திருக்கும் குழி



உருக்கு வார்ப்படம் ஒன்றைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்திச் சீவுகின்றனர். மேற்பரப்பு மாசற்று விளங்குகின்றது. மூன்றாவது சீவலில் உளி திடீரென வெற்றிடத்தில் பாய்கின்றது. உள்ளே விரல் நுழையும் அளவிற்கு ஒரு குழி. அக்குழி சீவப்படாமல் ஒளிந்தே கிடந்திருப்பின், அவ்வுறுப்பு பின்னர் நீராவி அழுத்தத்தைத் தாங்கும் வேளையில் வெடித்திருக்கக்கூடும். இத்தகைய குழி ஏன் தோன்றுகின்றது, அதனைத் தவிர்க்க அச்சில் என்ன வழி அமைக்கவேண்டும் என்பதையே இன்று உங்களுக்கு விளக்க விரும்புகின்றேன்.

உருகிய உருக்கு குளிரும்போது மூன்று நிலைகளில் சுருங்குகின்றது. நீர்மமாக இருக்கையில் ஒரு சுருக்கம். நீர்மம் திண்மமாக மாறுகையில் ஒரு சுருக்கம். திண்மமான பின் அறை வெப்பத்திற்கு வருமளவும் ஒரு சுருக்கம். மூன்றாவதைப் பற்றிக் கவலையில்லை. மாதிரியுருவைச் சற்றுப் பெரிதாகச் செய்துவிட்டால் போதும். முதலிரண்டும் சேர்ந்து கன அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு ஆகும். இந்தப் பற்றாக்குறையை வெளியிலிருந்து வரும் நீர்ம உலோகம் ஈடு செய்யவேண்டும். இல்லையேல் கடைசியாக உறையும் இடத்தில் குழி விழும். ஈடு செய்வதற்கென வார்ப்படத்தை ஒட்டி அமைக்கும் உலோகத் தேக்கத்தையே பட்டறையில் 'ரைசர்' என்பர்.

ரைசர் தன் கடமையைச் செய்ய ஒரே நிபந்தனை உண்டு: வார்ப்படம் முழுவதும் உறைந்த பின்னரே அது உறையவேண்டும். எது முன் உறையும், எது பின் உறையும் என்பதை அறிவது எப்படி? 1940-ஆம் ஆண்டில் குவோரினோவ் என்னும் பொறியாளர் இதற்கொரு விதி கண்டார். வெப்பம் கன அளவில் தங்கியிருக்கின்றது. புறப்பரப்பின் வழியாக வெளியேறுகின்றது. ஆகவே கன அளவைப் புறப்பரப்பால் வகுத்து வரும் எண்ணே உறையும் காலத்தைத் தீர்மானிக்கும். உறையும் காலம் அந்த எண்ணின் வர்க்கத்திற்கு நேர்விகிதமாக இருக்கும். அவ்வெண்ணை 'மாடுலஸ்' என அழைப்பர்.

இனி ஓர் எடுத்துக்காட்டை மேற்கொள்வோம். 20 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் 5 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள ஓர் உருக்கு மூடியை வார்க்கவேண்டும் எனக் கொள்க. தூக்குவதற்காக அதன் மேல் வில்போல் வளைந்த பட்டைக் கைப்பிடி ஒன்று உண்டு. அதன் தடிப்பு 6 மில்லிமீட்டர், உயரம் 4 சென்டிமீட்டர்.

முதலில் மூடியைப் பார்ப்போம். கன அளவு 2,000 கன சென்டிமீட்டர். புறப்பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர். மாடுலஸ் ஏறக்குறைய 1.67 சென்டிமீட்டர். ரைசரின் மாடுலஸ் இதைப்போல் 1.2 மடங்கு, அதாவது 2 சென்டிமீட்டர் இருத்தல் வேண்டும் என்பது பட்டறை வழக்கு. உயரமும் விட்டமும் சமமான உருளைக்கு மாடுலஸ் விட்டத்தில் ஆறிலொரு பங்கு. எனவே 12 சென்டிமீட்டர் விட்டமும் அதே உயரமும் உள்ள உருளையை மூடியின் ஒரு பக்கத்து நடுவில் இணைத்தால் போதும்.

அதில் போதிய உலோகம் உளதா என்பதையும் சரிபார்க்கவேண்டும். அவ்வுருளையின் கன அளவு ஏறத்தாழ 1,360 கன சென்டிமீட்டர். ரைசரில் உள்ளதெல்லாம் வார்ப்படத்திற்கு வந்துவிடாது. சாதாரண உருளையிலிருந்து நூற்றுக்குப் பதினான்கு பங்கே கிட்டும். அது 190 கன சென்டிமீட்டர். மூடியும் ரைசரும் சேர்ந்து 3,360. அதில் நூற்றுக்கு ஐந்து 168. ஆதலின் போதும். மூடியையும் ரைசரையும் இணைக்கும் கழுத்து மெலிதாயிருப்பின் அது முந்தி உறைந்து வழியை அடைத்துவிடும்; பெரிய ரைசரும் அப்போது பயனற்றதே. ரைசரின் தலையும் விரைவில் உறைந்து மூடிக்கொள்ளலாகாது. அதற்காக ஊற்றி முடித்தவுடன் உமிச்சாம்பல் போன்ற வெப்பங்காப்புப் பொடியைத் தூவுவர்.

ரைசரின் கைக்கும் ஓர் எல்லை உண்டு. உருக்குத் தகட்டில் அது தடிப்பைப்போல் ஏறத்தாழ நாலரை மடங்கு தூரமே எட்டும். நம் மூடியில் அது 22.5 சென்டிமீட்டர், ரைசரிலிருந்து மிகத் தொலைவான மூலையும் ஏறத்தாழ அதே தூரத்தில்தான் உள்ளது. மூடி 40 சென்டிமீட்டர் நீளமாயிருப்பின் மற்றொரு ரைசர் இன்றியமையாதது.

இப்போது கைப்பிடிக்கு வருவோம். அதன் மாடுலஸ் 0.3 சென்டிமீட்டர் அளவே. 1.67-ஐ 0.3 ஆல் வகுத்து வர்க்கப்படுத்தின், மூடி உறையும் காலத்தில் முப்பதில் ஒரு பங்கில் கைப்பிடி உறைந்துவிடும் என்பது விளங்கும். மூடிக்குச் சில நிமிடங்கள் ஆனால், கைப்பிடிக்குப் பத்துப் பன்னிரண்டு வினாடிகளே. உலோகம் கைப்பிடியின் இரு கால்கள் வழியாகவும் ஏறி உச்சியில் சந்திக்கின்றது. இரண்டு முனைகளும் அதற்குள் குளிர்ந்து, மேலே மெல்லிய ஆக்சைடு தோல் போர்த்திருப்பின் அவை தொட்டும் ஒன்றாகா. இதனையே 'கோல்டு ஷட்' என்பர். வெளியில் அது விளிம்புகள் உருண்ட ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். பிளவாயின் விளிம்பு கூராக இருக்கும். இக்கோடுள்ள கைப்பிடியை நம்பித் தூக்கினால் மூடி ஆள் மேல் விழும்.

இங்கே பலரும் நாடும் மருந்து உலோகத்தை இன்னும் சூடாக்கி ஊற்றுவது. அம்மருந்தே மற்றொரு நோயை வளர்க்கும். சூடு மிகுந்தால் நீர்ம நிலைச் சுருக்கமும் மிகும்; கணக்கிட்ட ரைசர் போதாமற் போகும்; மூடியில் குழி விழும். ஆதலின் வெப்பத்தை உயர்த்துவதினும் நிரப்பும் காலத்தைக் குறைப்பதே தக்கது.

ஆறு வினாடியில் நிரப்ப விரும்பின் வினாடிக்கு 560 கன சென்டிமீட்டர் பாயவேண்டும். ஊற்றுக்குழாயின் உயரம் கிண்ணத்தையும் சேர்த்து 20 சென்டிமீட்டர் எனின், கீழே உலோகத்தின் வேகம், நீங்கள் பௌதிகத்தில் கற்ற √(2gh) வாய்பாட்டின்படி, வினாடிக்கு 198 சென்டிமீட்டர். உராய்வு முதலியவற்றிற்காகக் குறைத்து 160 எனக் கொண்டால் குழாயின் அடிப்பரப்பு 3.5 சதுர சென்டிமீட்டர் ஆகும். கிண்ணத்தின் ஆழம் 5 சென்டிமீட்டராயின் குழாயின் வாய்ப்பரப்பு அடிப்பரப்பைப்போல் இரு மடங்கு இருக்கவேண்டும். விழும் தாரை மெலிந்துகொண்டே செல்லுமன்றோ? குழாயும் அவ்வாறே குறுகினால்தான் காற்று உள்ளே இழுக்கப்படாது.

இந்த வேகத்தோடு உலோகம் அச்சினுள் பாய்ந்தால் மணலை அரிக்கும். தன் மேற்பரப்பைத் தானே மடித்து ஆக்சைடு தோலை உள்ளே புதைக்கும். வினாடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டருக்கு மேற்படாமல் நுழைதல் நலம். ஆகவே நுழைவாயில்களின் மொத்தப் பரப்பை 11 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமல் அகலமாக்கவேண்டும். வேகமாக நிரப்பவும் வேண்டும், மெதுவாக நுழையவும் வேண்டும்; அகன்ற வாயில் இரண்டையும் தருகின்றது. அவ்வாயிலை ரைசரின் அடியில் திறந்தால் மிகச் சூடான உலோகம் ரைசரிலேயே தங்கும். கைப்பிடியின் உச்சியில் ஒரு சிறு வழிவுத்துளை வைத்தால் குளிர்ந்த முனைகளும் அடைபட்ட காற்றும் அதன் வழியே வெளியேறும். சந்திப்பு கைப்பிடிக்கு வெளியே நிகழும். ஊற்றுபவர் இடையில் நிறுத்தலாகாது. நிறுத்தினால் அங்கேயே ஒரு கோடு விழும்.

இவ்வளவும் செய்து ஊற்றிய உலோகத்தில் நூற்றுக்கு அறுபது பங்கே மூடியாகின்றது. எஞ்சியது மீண்டும் உலைக்குச் செல்லும். வெப்பங்காப்புக் குழல்களால் ரைசரைச் சூழ்ந்து அதனைச் சிறிதாக்கலாம். ஆயின் ஒன்றை நினைவிற்கொள்க: வெட்டியெடுத்த ரைசரின் தலையில் ஆழ்ந்த குழி காணப்பட்டால், அதனைக் குறையெனக் கருதவேண்டா. மூடிக்குள் விழவேண்டிய குழியே அங்கு வந்து விழுந்திருக்கின்றது. தலை குழிவின்றித் தட்டையாக இருக்கும் ரைசரைக் கண்டால்தான் ஐயுறவேண்டும்; அப்போது மூடியை அறுத்துப் பாருங்கள்.